மூன்று மணிக்குள் அனுப்பிய மின்னஞ்சல் எங்கே தங்கியது?

கேள்வி

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு, வணக்கம். நான் அட்டைப் பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஒரு தனியார் உணவு நிறுவனம் விலைப்புள்ளி கேட்டிருந்தது. “ஜூன் 17 பிற்பகல் 3 மணிக்குள் இந்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்து சேர வேண்டும்” என்பது நிபந்தனை. நான் 2.21க்கே அனுப்பிவிட்டேன். எனக்கும் ஒரு நகல் போட்டிருந்தேன், அது 2.23க்கு என் ஜிமெயிலுக்கு வந்துவிட்டது. அவர்களோ 3.49க்குத்தான் வந்தது என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். சண்டை போட்ட பிறகு, கொள்முதல் அதிகாரி அந்த மின்னஞ்சலின் ஹெடரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் 1.53 என்றும் 10.11 என்றும் சம்பந்தமில்லாத நேரங்கள் இருக்கின்றன. நேரத்தைத் திருத்திவிட்டார்களா? என் நகல் உடனே வந்திருக்கிறது என்றால், அவர்கள் சர்வர்தான் ஒன்றரை மணி நேரம் என் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா? வழக்குத் தொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நேரத்தை யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை. தாமதம் நடந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதி உங்கள் மின்னஞ்சல் அவர்கள் சர்வரில் இல்லை. உங்களுக்கு மின்னஞ்சல் சேவை தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அது ஏன் அங்கே தங்கியது என்பது தனிக் கேள்வி. அதற்கு அவர்கள் சர்வரே காரணமாக இருக்கவும் வாய்ப்புண்டு. எங்கே தங்கியது என்பதை ஸ்கிரீன்ஷாட் சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால், எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே உங்களை மடக்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள ஹெடரை, அதாவது மின்னஞ்சலோடு கூடவே வரும் பயணக் குறிப்பை, பெயர்களையும் முகவரிகளையும் மாற்றி, தேவையான வரிகளை மட்டும் கீழே தருகிறேன். `example.com`, `example.net` இரண்டும் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர்கள். `example.org` விலைப்புள்ளி கேட்ட நிறுவனம்.

```
Received: from mx2.example.org by store4.example.org;
  Tue, 17 Jun 2025 15:49:40 +0530
Received: from relay7.example.net by mx2.example.org;
  Tue, 17 Jun 2025 10:11:52 +0000
Received: from smtp3.example.com by relay7.example.net
  id 4bMx7Q1kz; Tue, 17 Jun 2025 01:53:09 -0700
Received: from [192.168.1.23] by smtp3.example.com;
  Tue, 17 Jun 2025 14:22:41 +0530
Date: Tue, 17 Jun 2025 14:21:58 +0530
```

கீழிருந்து மேலே படியுங்கள்

மின்னஞ்சல் ஒவ்வொரு சர்வருக்குள் நுழையும்போதும், அந்தச் சர்வர் தன் `Received` வரியை எல்லாவற்றுக்கும் மேலே சேர்க்கிறது. ஆகவே பயணம் அடியில் தொடங்கி உச்சியில் முடிகிறது. ஒவ்வொரு வரியிலும் `from` என்பதற்குப் பின் கொடுத்தவர், `by` என்பதற்குப் பின் வாங்கியவர். அரைப்புள்ளிக்குப் பின் வரும் நேரம் வாங்கியவருடைய கடிகாரம் காட்டியது. பெரும்பாலோர் இதைக் கொடுத்தவரின் நேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்; அந்த ஒரு பிழையால் குற்றச்சாட்டு ஒரு சர்வர் தள்ளிப் போய் விழுகிறது. கூரியர் பொட்டலம் கைமாறும்போது வாங்கிக்கொண்டவர் போடும் கையெழுத்தைப் போன்றது இது. இரண்டு கையெழுத்துகளுக்கு இடையில் ஒரு மணி நேரம் போயிருந்தால், அந்த நேரம் முழுவதும் பொட்டலம் முதல் கையெழுத்துப் போட்டவரிடம் இருந்திருக்கிறது.

அடுத்தது, உங்களைத் திகைக்கவைத்த 1.53, 10.11. ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் இருக்கும் `+0530`, `+0000`, `-0700` ஆகியவை அந்தச் சர்வர் எந்த நேர மண்டலத்தில் நேரத்தை எழுதுகிறது என்பதைக் காட்டுகின்றன. `+0530` நம் இந்திய நேரம். `+0000` உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும். `-0700` கோடைக்காலத்தில் அமெரிக்க மேற்குக் கரையின் நேரம். அதனுடன் ஏழு மணி கூட்டினால் உலகப் பொது நேரம், மேலும் ஐந்தரை கூட்டினால் நம் நேரம். அதாவது மொத்தம் பன்னிரண்டரை மணி.

அப்படி மாற்றிப் பார்த்தால் உங்கள் மின்னஞ்சலின் பயணம் நேராகிவிடுகிறது. 14:21:58க்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். 14:22:41க்கு ஹோஸ்டிங் நிறுவனத்தின் முதல் சர்வர் வாங்கியிருக்கிறது. இடையில் 43 விநாடி, இணைப்புக் கோப்பு ஏறுவதற்கு ஆகக்கூடிய நேரம்தான். 01:53:09 என்பது நம் நேரத்தில் 14:23:09. `relay7` அதை வாங்க 28 விநாடியே ஆகியிருக்கிறது. 10:11:52 என்பது 15:41:52. இங்கேதான் பெரிய இடைவெளி: 1 மணி 18 நிமிடம் 43 விநாடி. கடைசியாக 15:49:40க்கு அஞ்சல் பெட்டி இருக்கும் சர்வருக்குள் போயிருக்கிறது; அதற்கு 7 நிமிடம் 48 விநாடி.

ஆக, 14:23:09 முதல் 15:41:52 வரை உங்கள் விலைப்புள்ளி `relay7` என்ற இயந்திரத்தின் வரிசையில் கிடந்தது. `mx2` அதை வாங்கியதாகக் கையெழுத்திடும் வரை அது `relay7`-இன் பொறுப்பில்தான் இருக்கிறது. விலைப்புள்ளி கேட்ட நிறுவனம் தன்னிடம் வந்த பிறகு எடுத்துக்கொண்ட நேரம் அந்த ஏழு நிமிடச் சொச்சம் மட்டுமே. வைரஸ் சோதனை, இணைப்புக் கோப்புச் சோதனை போன்றவற்றுக்கு அந்த அளவு ஆகக்கூடும்.

கடிகாரம் தவறாக இருந்தால்?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இதுதான். நீங்களே முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு சர்வரின் கடிகாரம் பிசகியிருந்தால், அந்தப் பிழை இரண்டு இடைவெளிகளில், எதிரெதிர்த் திசைகளில் தெரியும். `relay7`-இன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்வரும் இடைவெளி ஒரு மணி நேரம் கூடும். அதே அளவுக்கு முந்தைய இடைவெளி குறையும். அதாவது அனுப்புவதற்கு முன்பே வந்து சேர்ந்ததைப் போல எதிர்மறைக் கணக்கு வரும். உங்கள் ஹெடரில் முந்தைய இடைவெளி ஒழுங்கான 28 விநாடி. `mx2`-இன் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருந்தால், அடுத்து வரும் `store4`-இன் நேரம் அதற்கு முற்பட்டதாகத் தெரிய வேண்டும். அப்படியும் இல்லை.

மிஞ்சுவது ஒரே சந்தேகம்: ஒரு தரப்பின் இரண்டு சர்வர்களும் சேர்ந்தே, ஒரே அளவு பிசகியிருந்தால்? அதற்கும் சோதனை உண்டு. அதே தரப்பின் சர்வர்கள் வழியாக வேறொரு நாள் போன மின்னஞ்சலின் ஹெடரைப் பாருங்கள். அங்கேயும் ஏறக்குறைய 78 நிமிட இடைவெளி இருந்தால் கடிகாரப் பிழை. சில விநாடிகள்தான் என்றால் 17ஆம் தேதி நடந்தது மெய்யான தாமதம்.

எல்லா வரிகளும் சமமாக நம்பத்தக்கவை அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். `Date` வரி உங்கள் கணினியே எழுதியது. கணினியின் நேரத்தை மாற்றினால் அதுவும் மாறும். அதனால் “2.21க்கு அனுப்பினேன்” என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டாதீர்கள். `smtp3` எழுதிய 14:22:41ஐக் காட்டுங்கள். அது உங்கள் கையில் இல்லாத இயந்திரம் எழுதியது.

உங்கள் நகல் சொல்வது என்ன

உங்களுக்கு வந்த நகல் முக்கியமான தடயம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. ஒரே மின்னஞ்சலை இரண்டு பேருக்கு அனுப்பினால், பாதையின் முதல் பகுதி மட்டுமே பொது. அதன் பிறகு ஒவ்வொரு நகலும் தன் வழியே போகிறது. உங்கள் நகல் ஜிமெயிலுக்குச் சென்ற வழியில் `mx2` இல்லவே இல்லை. ஆகவே அது `mx2`-ஐப் பற்றி நேரடியாக எதையும் சொல்லாது.

அது சொல்வது `relay7`-ஐப் பற்றி. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மின்னஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். அந்த ஹெடரிலும் `relay7`-இன் வரி, அதே 01:53:09 நேரத்துடனும் அதே `4bMx7Q1kz` என்ற எண்ணுடனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், `relay7` உங்கள் நகலைச் சில விநாடிகளிலேயே ஜிமெயிலிடம் ஒப்படைத்துவிட்டது என்றாகிறது. அந்த இயந்திரம் முழுவதுமாக முடங்கிக் கிடக்கவில்லை. `example.org`-க்குப் போக வேண்டிய நகல் மட்டும் தனியாக நின்றிருக்கிறது. எண் வேறாக இருந்தாலோ வேறொரு சர்வரின் பெயர் இருந்தாலோ, இரண்டு நகல்களும் முன்பே பிரிந்துவிட்டன. அப்போது இந்த வாதத்தையே விட்டுவிடுங்கள்.

ஒரு நகல் மட்டும் நிற்பதற்கு வழக்கமான காரணம் கிரேலிஸ்டிங் என்னும் ஸ்பாம் தடுப்பு முறை. முன்பின் தெரியாத சர்வரிலிருந்து மின்னஞ்சல் வந்தால், வாங்கும் சர்வர் “இப்போது முடியாது, பிறகு வா” என்று தற்காலிகமாகத் திருப்பிவிடும். முறையான சர்வர் மீண்டும் வரும். ஸ்பாம் அனுப்பும் நிரல்களில் பல வராது. காத்திருப்பு பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். போஸ்ட்கிரே என்ற பரவலான மென்பொருளில் இயல்பான அளவு ஐந்து நிமிடம். ஆனால் எப்போது மீண்டும் வருவது என்பதை அனுப்பும் சர்வரே தீர்மானிக்கிறது. மறுமுயற்சிக்கு இடையில் குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும் என்பது மின்னஞ்சல் நெறிமுறையான `RFC 5321` தரும் பரிந்துரை. பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: மறுமுயற்சி வேறொரு ஐபி முகவரியிலிருந்து போனால், வாங்கும் சர்வர் அதைப் புதிய ஆளாக நினைத்து மீண்டும் திருப்பும். ஐந்து நிமிடக் காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்வது இப்படித்தான்.

`mx2` சற்று நேரம் இணைப்பே கிடைக்காமல் இருந்திருக்கலாம். ஒரே இடத்துக்கு அதிக மின்னஞ்சல் போகக்கூடாது என்று `relay7` தானே நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். ஹெடரில் இவையெல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சி `Received` வரி எதையும் விட்டுச்செல்வதில்லை. பிரித்துக் காட்டக்கூடியது `relay7`-இன் அஞ்சல் பதிவேடு மட்டுமே. அதில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Jun 17 01:53:11 relay7 postfix/smtp[2114]: 4bMx7Q1kz:
  relay=mx2.example.org, dsn=4.2.0, status=deferred
  (450 4.2.0 Recipient address rejected: Greylisted)
```

வந்த இரண்டே விநாடியில் முயன்று, `mx2` திருப்பிவிட்டது என்று இதற்குப் பொருள். முதல் முயற்சியே நம் நேரப்படி 15.40ஐ ஒட்டித்தான் பதிவாகியிருக்கிறது என்றால், பழி முழுவதும் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மேல்.

சட்டம் எந்தக் கையெழுத்தைப் பார்க்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 13 இதற்கென்றே எழுதப்பட்டது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, ஒரு மின்னணுப் பதிவு அனுப்பியவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி வளத்துக்குள் நுழையும்போது அது “அனுப்பப்பட்டது” ஆகிறது. பெறுபவர் இன்ன முகவரிக்கு அனுப்புங்கள் என்று குறிப்பிட்டிருந்தால், குறிப்பிட்ட அந்தக் கணினி வளத்துக்குள் நுழையும்போது “பெறப்பட்டது” ஆகிறது. அதிகாரி எப்போது திறந்து பார்த்தார் என்பது இங்கே பொருட்டல்ல.

இதன்படி அனுப்பிய நேரம் 14:22:41 என்று தைரியமாக வாதிடலாம். ஆனால் உங்கள் நிபந்தனை வந்து சேர வேண்டும் என்கிறது. வந்து சேர்ந்த நேரம் அவர்கள் சொல்லும் 15:49:40 அல்ல, அவர்கள் எல்லைச் சர்வரான `mx2` வாங்கிய 15:41:52. ஏழு நிமிடம் உங்கள் பக்கம் வருகிறது; இருந்தும் மூன்று மணியைத் தாண்டி 41 நிமிடம் 52 விநாடி. கிரேலிஸ்டிங் என்று நிரூபித்தாலும்கூட, “2.23க்கே உங்கள் கதவைத் தட்டினேன்” என்று சொல்லலாமே தவிர, உள்ளே நுழைந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் மின்னஞ்சலின் உள்ளடக்கமே அவர்கள் சர்வருக்குப் போயிருக்காது. பிரிவின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் பலவீனமானது என்பதே என் கருத்து.

மேலும் இது தனியார் நிறுவனம். விலைப்புள்ளி கேட்பது, முன்மொழிவு தாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. உங்கள் விலையைப் பரிசீலித்தே தீர வேண்டும் என்ற கடமை பொதுவாக அவர்களுக்கு இல்லை. ஆகவே அவர்கள் மேல் வழக்கு வேண்டாம். நேரத்தைத் திருத்தினார்கள் என்று எழுத்தில் சொல்லவும் வேண்டாம். அது பொய் என்று அவர்கள் ஹெடரே காட்டிவிடும். அவதூறு என்று அவர்கள் திருப்பவும் வழி உண்டு.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் மேல் நஷ்டஈடு கேட்கலாமா என்றால், முதலில் அவர்களுடைய சேவை விதிகளைப் படியுங்கள். மின்னஞ்சல் இத்தனை மணிக்குள் சேரும் என்று உறுதி தருபவர்கள் அரிது. பொறுப்பைச் சந்தாத் தொகை அளவுக்குச் சுருக்கிக்கொள்ளும் விதிகளே அதிகம். விதிகளைத் தாண்டினாலும், அந்த ஆர்டர் உங்களுக்கே கிடைத்திருக்கும் என்று காட்ட வேண்டும். தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு இல்லை என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73. நுகர்வோர் ஆணையத்திலோ, வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்ற தடை எழும். வாழ்வாதாரத்துக்காகச் செய்யும் சுயதொழில் என்ற விதிவிலக்குக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதை உங்கள் கணக்குகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஸ்கிரீன்ஷாட்டை நம்பி நிற்காதீர்கள். அது ஒரு படம். வரிகள் வெட்டப்பட்டிருக்கலாம், நேர மண்டலக் குறி விடுபட்டிருக்கலாம், யாரும் திருத்தவும் முடியும். கொள்முதல் அதிகாரியிடம் அந்த மின்னஞ்சலை `.eml` கோப்பாகச் சேமித்து, இணைப்பாக அனுப்பும்படி கேளுங்கள். சாதாரணமாக `Forward` செய்தால் அந்தப் பழைய ஹெடர் உங்களுக்கு வராது. புதிய பயணத்தின் ஹெடர்தான் வரும். உங்கள் ஜிமெயில் நகலையும் `Show original` பக்கத்தில் `Download original` மூலம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023இன் பிரிவு 63 கோரும் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அது மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் பயன்படும்.

அதைவிட அவசரமானது பதிவேடு. சர்வர் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு சொல்கிறது. உங்கள் கணக்கில் அது டிசம்பர் நடுப்பகுதியோடு முடிந்துவிடும். சர்வர் கடிகாரங்களை அரசின் நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. கடிகாரச் சந்தேகம் எழுந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர், கேட்பது உங்கள் சொந்த மின்னஞ்சலைப் பற்றி. ஆகவே தயங்காமல் இப்படி எழுதுங்கள்: “2025 ஜூன் 17, இந்திய நேரம் 14:23:09 முதல் 15:41:52 வரை `relay7` சர்வரில் `4bMx7Q1kz` என்ற எண்ணில் இருந்த மின்னஞ்சலுக்கான எல்லா அனுப்பும் முயற்சிகளின் பதிவேட்டு வரிகளையும், எதிர்ச் சர்வர் தந்த பதில்களுடன் அனுப்பவும். இந்தப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும்.” மின்னஞ்சலின் `Message-ID` வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

பதில் கிரேலிஸ்டிங் என்று வந்தால், அந்த ஒரு வரியை இணைத்துக் கொள்முதல் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டாமல், “14.23க்கு எங்கள் மின்னஞ்சலை உங்கள் சர்வர் தற்காலிகமாகத் திருப்பியிருக்கிறது, இதைக் கருத்தில் கொண்டு பரிசீலிக்க வேண்டுகிறோம்” என்ற அளவில் நிறுத்துங்கள். அவர்கள் தங்கள் நிபந்தனையைத் தளர்த்திக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நடைமுறைத் தீர்வும் அதுதான். இந்த முறை மறுத்தாலும், உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர்களை அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்படி அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதிவேட்டில் `relay7` முயலவே இல்லை என்று தெரிந்தால், இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். மின்னஞ்சல் சேவையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள்.